கடுமையான கூகிள் விமர்சனத்துக்கு என்ன பதில் எழுதுவது?

கேள்வி: வெள்ளவத்தையில் சின்னத் தையல் கடை வைத்திருக்கிறோம். ஒருவர் கூகிளில் ஒரு ஸ்டார் போட்டு இப்படி எழுதியிருக்கிறார்: "பட்டுச் சாறியோடு வந்த பிளவுஸ் துணியை நாசமாக்கிவிட்டார்கள். கையே நுழையவில்லை. கலியாணத்துக்கு வேறு பிளவுஸ் போட்டுக்கொண்டு போனேன். கேட்கப் போனால் மரியாதை இல்லாத கதை. ஏமாற்றுக்காரர்கள், யாரும் போகாதீர்கள்." கை இறுகியது உண்மைதான். ஆனால் கடைசி நேரத்தில் கழுத்து டிசைனை மாற்றச் சொன்னது அவர். இதை அழிக்க வைக்கலாமா? இல்லையென்றால் என்ன பதில் எழுதுவது?

பதில்:

அழிக்க வைக்க முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரருக்கு விமர்சனத்தை நீக்கும் வசதி கிடையாது. எழுதியவர் தானாக நீக்கலாம், அல்லது விதிமீறல் என்று கூகிள் நீக்கலாம். உங்கள் பிசினஸ் கணக்கில் அந்த விமர்சனத்துக்குப் பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகளைத் தட்டினால் Report review வரும். போலிக் கணக்கு, தூஷண வார்த்தை, போட்டிக் கடைக்காரர் எழுதியது, ஒருவரின் சொந்த விவரங்களை வெளியிட்டது போன்றவற்றுக்கே அது உதவும். உண்மையான வாடிக்கையாளர் நடந்ததைக் கோபத்தோடு எழுதினால் அது விதிமீறல் ஆகாது. "ஏமாற்றுக்காரர்கள்" என்ற சொல்லைப் பிடித்து முறையிட்டுப் பார்க்கலாம், ஆனால் முடிவு வரப் பல நாள் எடுக்கும், அது பெரும்பாலும் உங்களுக்குச் சாதகமாக இராது. அதுவரை விமர்சனம் பதில் இல்லாமல் தொங்கிக்கொண்டிருக்கும்.

பதிலை யாருக்காக எழுதுகிறீர்கள் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். அவர் கட்டாயம் வாசிப்பார், பதில் போட்டவுடன் கூகிள் அவருக்கு அறிவித்தல் அனுப்பும். ஆனால் அவரைவிட முக்கியமான வாசகர் ஒருவர் இருக்கிறார். பம்பலப்பிட்டியிலோ தெஹிவளையிலோ ஒரு பட்டுத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் கடையில் கொடுக்கலாம் என்று போனில் தேடுபவர். அவர் ஐந்து ஸ்டார்களைத் தாண்டி நேரே ஒரு ஸ்டாருக்குத்தான் போவார். கழுத்தை யார் மாற்றச் சொன்னார் என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. "என்னுடைய துணி பிழைத்தால் இவர்கள் என்ன செய்வார்கள்?" என்பதுதான் அவருடைய கேள்வி. வழக்கைப் பொதுவில் வென்றாலும் அந்த வாடிக்கையாளரைத் தோற்றுவிடுவீர்கள்.

எழுத உட்கார முன் பில் புத்தகத்தையும் அளவுப் புத்தகத்தையும் எடுங்கள். அளவு எடுத்தது யார், வெட்டியது யார், கழுத்து மாற்றம் எந்தத் திகதியில் குறிக்கப்பட்டது, பிளவுஸை எடுக்க வந்தபோது போட்டுப் பார்க்கச் சொன்னீர்களா, கேட்க வந்தபோது கவுண்டரில் நின்றது யார் என்று விசாரியுங்கள். உதவியாளரை எல்லார் முன்னாலும் விசாரித்தால் உண்மை வராது, தனியாகக் கேளுங்கள்.

இதில் கசப்பான ஒரு விஷயத்தையும் பார்த்துவிடவேண்டும். கழுத்து மாற்றத்தை உங்கள் பக்க நியாயமாக வைக்கப் பார்க்கிறீர்கள். கழுத்தை ஆழமாக்கினால் தோள் நழுவும், முன்பக்கம் தூக்கும். கை நுழையாமல் போகாது. கை இறுகுவதற்குக் காரணம் கைச்சுற்றளவு, கமக்கட்டுப் பக்கத்து வெட்டு, அல்லது உள்ளே வைத்த லைனிங் வெளித்துணியைவிடச் சிறிதாக இருப்பது. அதாவது அவருடைய முறைப்பாட்டுக்கும் உங்கள் நியாயத்துக்கும் தொடர்பே இல்லை. தையல் தெரிந்த ஒருவர் கீழே வந்து இதைச் சொல்லிவிட்டால், பிழையை மறைக்கக் காரணம் தேடுகிறீர்கள் என்று ஆகிவிடும். பொதுப் பதிலில் கழுத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்.

இனி அவர் எழுதியதை வசனம் வசனமாகப் பிரியுங்கள். கை நுழையவில்லை என்பது உண்மை, ஒப்புக்கொள்ளலாம். கலியாணத்துக்குப் போட முடியாமல் போனது இழப்பு, அதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை, மன்னிப்புத்தான் கேட்கலாம். மரியாதை இல்லாத கதை என்பதை இரண்டு பக்கமும் நிரூபிக்க முடியாது, அதனால் மறுக்கவும் கூடாது. "ஏமாற்றுக்காரர்கள், போகாதீர்கள்" என்பது கோபம், அதற்குப் பதிலே தேவையில்லை. உண்மையான நோவு முதல் வசனத்தில் இருக்கிறது. அந்தத் துணி சாறியோடு சேர்ந்து வந்து, அதிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது. கடையில் போய் இன்னொரு மீற்றர் வாங்க முடியாது. தையற்கூலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சரி என்று நீங்கள் நினைத்தால், அவர் எதை இழந்தார் என்பது இன்னும் உங்களுக்கு விளங்கவில்லை.

கோபத்தில் எழுதப்படும் பதில் இப்படித்தான் இருக்கும்: "நீங்கள்தான் இரண்டு நாளைக்கு முன் கழுத்தை மாற்றச் சொன்னீர்கள். உங்கள் கணவரின் நம்பருக்கும் கோல் எடுத்தோம். அளவு எடுத்த பிறகு உடம்பு வைத்திருந்தால் நாங்கள் என்ன செய்வது?" இதைவிடக் கடைக்குக் கெடுதல் செய்ய விமர்சனத்தாலேயே முடியாது. கணவருடைய நம்பர் உங்களிடம் இருப்பது, கோல் எடுத்தது, உடல் அளவு எல்லாம் ஓடர் எடுக்கும்போது நம்பிக்கையில் தந்த விவரங்கள். அவற்றைச் சபையில் போடும் கடையில் எந்தப் பெண்ணும் அளவு கொடுக்க மாட்டார்.

இரண்டாவது வகை, கும்பிடு போட்டு ஒதுங்குவது: "தங்களுக்கு ஏதேனும் அசௌகரியம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம். எம்மைத் தொடர்புகொள்ளவும்." "இருந்தால்" என்ற அந்த ஒரு சொல் முழு மன்னிப்பையும் சந்தேகமாக்கிவிடுகிறது. கை நுழையவில்லை என்று அவர் சொல்லியாயிற்று, நீங்களும் அறிவீர்கள், பிறகு என்ன "இருந்தால்"? எப்படித் தொடர்புகொள்வது என்றும் அதில் இல்லை. இதே வரியை ஐந்து விமர்சனங்களுக்குக் கீழே ஒட்டி வைத்திருக்கும் கடைகள் ஏராளம். கீழே இறக்கிப் பார்ப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

உங்கள் விஷயத்துக்கு இப்படி எழுதலாம்:

"வணக்கம். உங்கள் பட்டுச் சாறியோடு வந்த துணியில் நாங்கள் தைத்த பிளவுஸின் கை இறுகிப்போனது எங்கள் பிழை. கலியாணத்துக்கு அதைப் போட முடியாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்கிறோம். கேட்க வந்த நேரத்தில் உங்களுக்கு ஒழுங்கான பதில் கிடைக்காமல் போனதும் வருத்தத்துக்குரியது. அந்தத் துணியை எவ்வளவு தூரம் காப்பாற்றலாம் என்று பார்த்து, மிச்சத்தையும் உங்களோடு கதைத்துத் தீர்க்க விரும்புகிறோம். கடைப் பொறுப்பாளரின் நேரடி இலக்கத்துக்கு, காலை 10 முதல் மாலை 6 வரை கோல் அல்லது வாட்ஸ்அப் எடுங்கள். பில்லைத் தேட வேண்டாம், பிளவுஸ் விஷயம் என்று சொன்னாலே போதும்."

கடைசிக்கு முதல் வசனத்தில் இலக்கத்தைப் போடுங்கள். அடியில் பொறுப்பாளரின் பெயரையும் எழுதுங்கள், ஏனென்றால் கூகிள் பதிலின் மேலே கடையின் பெயரை மட்டுந்தான் காட்டும். பெயரில்லாத மன்னிப்பு போர்ட் வைத்த மாதிரி இருக்கும்.

நீளத்தைக் கவனியுங்கள். கூகிள் நீளமாக எழுத இடம் தருகிறது, ஆனால் போனில் முதல் சில வரிகள்தான் தெரியும், மிச்சத்தைப் பார்க்கத் தட்டவேண்டும். அதனால்தான் பிழையை ஒப்புக்கொள்வது முதல் வசனத்திலேயே வருகிறது. "15 வருடமாகச் சேவையில்" என்று தொடங்கினால் தட்டாமல் தெரியும் இடம் முழுவதும் விளம்பரத்துக்குப் போய்விடும். தொகை எதையும் பொதுவில் எழுதாதீர்கள். எழுதினால் அடுத்த முறைப்பாட்டுக்காரருக்கு அதுதான் ஆரம்ப விலை.

கடையில் அவரை "அக்கா" என்றோ "மிஸ்" என்றோ கூப்பிட்டிருப்பீர்கள். பதிலில் அது வேண்டாம். சண்டை நடந்த பிறகு சபையில் "அக்கா" என்றால் குழைவது போலவோ நக்கல் போலவோ கேட்கும். "நீங்கள்" போதும். போனில் கதைக்கும்போது அவருடைய குரல் தணிந்தால் "அக்கா" தானாக வரும். விமர்சனம் தங்கிலிஷில் எழுதப்பட்டிருந்தாலும் பதிலைத் தமிழ் எழுத்தில் எழுதி, அதன் கீழே இரண்டு வரியில் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ சுருக்கத்தைப் போடுங்கள். கொழும்பில் உங்கள் கடையைத் தேடுபவர்கள் மூன்று மொழிக்காரரும்தான். கூகிளின் மொழிபெயர்ப்பு தமிழ் எழுத்தை ஓரளவு சமாளிக்கும், ஆங்கில எழுத்தில் அடித்த தமிழைக் குழப்பிவிடும்.

மன்னிப்பை இவ்வளவு வெளிப்படையாகக் கேட்கலாமா என்றால், தையற்கடைக்குக் கேட்கலாம். சாப்பாட்டில் நஞ்சு, காயம், தீ போன்ற விஷயமென்றால் காரணம் தெரியமுன் "எங்கள் பிழை" என்று எழுதாமல் சட்டத்தரணியிடமோ காப்புறுதிக்காரரிடமோ கேட்டுவிட்டு எழுதவேண்டும். கிளினிக், பார்மசி வைத்திருப்பவர்கள் எழுதியவர் தங்களிடம் வந்தவர் என்பதையே உறுதிப்படுத்தக் கூடாது.

அதிகமான இடங்களில் காரியம் கெடுவது பதிலில் அல்ல, கொடுத்த நம்பரில்தான். கடை லேண்ட் லைன் நம்பரைக் கொடுப்பார்கள். அவர் எடுப்பார், புதிதாகச் சேர்ந்த பிள்ளை "பொஸ் இல்லை, பிறகு எடுங்கள்" என்று வைத்துவிடும். அடுத்த அரைமணித்தியாலத்தில் அதே விமர்சனத்தில் இன்னும் இரண்டு வரி கூடும்: "நம்பர் போட்டார்கள், எடுத்தால் ஆளில்லை." இதற்கு நீங்கள் எழுதக்கூடிய பதிலே கிடையாது. ஆகவே முடிவெடுக்கும் ஆளின் கையிலுள்ள போன் நம்பரையே கொடுங்கள். போயாவுக்கோ ஞாயிறுக்கோ கடை பூட்டு என்றால் நேரத்தோடு அதையும் எழுதுங்கள். அளவுப் பக்கத்தையும் பில் கொப்பியையும் போனில் படம் எடுத்து வையுங்கள், அவர் கோல் எடுக்கும்போது நீங்கள் பஸ்ஸில் இருந்தாலும் கதைக்கலாம். உதவியாளர்களுக்குச் சொல்லவேண்டியது ஒன்றே ஒன்று: பிளவுஸ் விஷயமாக யாராவது வந்தால் காரணம் சொல்லாமல் உங்களுக்குக் கோல் எடுக்கவேண்டும்.

விமர்சனம் வந்த அன்று போனில் வேறெங்காவது வரைவை எழுதி வைத்து, மறுநாள் காலையில் வாசித்து, கடையோடு தொடர்பில்லாத ஒருவருக்கும் காட்டிவிட்டுப் போடுங்கள். கூகிள் பெட்டியிலேயே எழுதத் தொடங்கினால் விரல் தவறினாலும் வெளியே போய்விடும். இரண்டு நாளுக்கு மேல் தள்ளவும் வேண்டாம். போட்ட பதிலைப் பிறகு திருத்தலாம், ஆனால் முதலில் போட்டதை யாராவது ஸ்கிரீன்ஷொட் எடுத்திருந்தால் திருத்தம் அவர்களிடம் போய்ச் சேராது.

கூகிளில் கடைக்காரர் விமர்சனம் எழுதியவருக்குத் தனியாகச் செய்தி அனுப்ப வழியில்லை. ஆனால் பில்லில் அவருடைய நம்பர் உங்களிடம் இருக்கிறது. பொதுப் பதிலைப் போட்ட பிறகு, அந்த நம்பருக்கு ஒரேயொரு வாட்ஸ்அப் அனுப்பலாம். வரிசை மாறக்கூடாது. பொதுவில் ஒன்றும் எழுதாமல் முதலில் கோல் எடுத்தால், அழிக்கச் சொல்லி நெருக்குகிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். வேறு நம்பருக்கோ கணவருக்கோ சொந்தக்காரருக்கோ தூது அனுப்பக் கூடாது.

"வணக்கம், தையல் கடையிலிருந்து எழுதுகிறேன். பிளவுஸ் விஷயத்தில் பிழை எங்கள் பக்கம். பிளவுஸை ஒருமுறை பார்க்கலாமா? கடைக்குக் கொண்டுவரலாம், அல்லது வீட்டிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். உங்களுக்கு வசதியான நேரத்தைச் சொல்லுங்கள்." இவ்வளவு போதும். விமர்சனத்தைப் பற்றி ஒரு சொல்லும் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். வொய்ஸ் மெசேஜ் வேண்டாம், அது குடும்பக் குழுக்களில் சுற்றும்போது உங்கள் குரலின் ஏற்ற இறக்கத்துக்கு ஆளுக்கொரு அர்த்தம் கிடைக்கும். தனியாக எழுதுவதும் நாளைக்குப் பொதுவில் வரலாம் என்று நினைத்தே எழுதுங்கள்.

அவர் வந்தால் உட்கார வைத்து, முழுவதையும் சொல்லி முடிக்க விடுங்கள். பிறகு பிளவுஸை உள்ளே வெளியே புரட்டி, துணி எவ்வளவு விட்டிருக்கிறது என்று அவர் கண்முன்னே அளவுநாடாவால் பாருங்கள். கையில் ஒரு தையல்தான், ஓரம் இரண்டு. ஓரத்துக்கு அரை அங்குலம் விட முடிந்தால் கைச்சுற்றளவு 1 அங்குலம் கூடும். உடம்புப் பக்கத்தில் இரண்டு தையல், நாலு ஓரம், அதே அரை அங்குலத்தில் 2 அங்குலம் கிடைக்கும். லைனிங்தான் இறுக்குகிறது என்றால் அதை மட்டும் மாற்றலாம், பட்டில் கை வைக்கத் தேவையில்லை. ஆனால் பட்டைப் பிரித்தால் பழைய ஊசித் துளையும் மடிப்புக் கோடும் தெரியலாம். இதைப் பிரிக்கமுன் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் பிரித்தால் இரண்டாவது விமர்சனம் நிச்சயம்.

ஓரத்தில் துணி விடவில்லை என்றால் கமக்கட்டில் சிறு துண்டு வைத்துத் தைக்கவேண்டும். சாறியில் மிஞ்சிய துணி இருக்கிறதா என்று கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் புறக்கோட்டையில் நிறம் பொருந்தும் பட்டுத் துணி வாங்கி, உங்கள் செலவில் புதிதாகத் தைத்துக் கொடுப்பதுதான் வழி. அவர் இனி உங்களிடம் தைக்க விரும்பாமலும் இருக்கலாம். அப்போது கூலியையும், வேறிடத்தில் திருத்தச் செலவையும் கொடுத்துவிடுங்கள். கூலி 3,500 ரூபா என்று வைத்துக்கொண்டால், அதோடு திருத்தச் செலவையும் சேர்த்துக் கொடுப்பது நியாயமான எல்லை. முழுச் சாறியின் விலையைக் கேட்டால், சாறி பழுதாகவில்லை என்பதை மரியாதையாகச் சொல்லி, மேலே சொன்ன வழிகளை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். அவர் நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு முறையிட்டாலும் நீங்கள் என்ன செய்ய முன்வந்தீர்கள் என்பது எழுத்தில் இருக்கும். "போய் முறையிடுங்கள்" என்று நீங்களாகச் சொல்லவேண்டாம். கழுத்துக் கதையை அவர் தானாக எடுத்தால் மட்டும் புத்தகத்திலுள்ள திகதியைக் காட்டுங்கள், அதற்கு மேல் போகாதீர்கள்.

பணம் கொடுக்கும்போது பில் கொப்பியில் தொகையையும் திகதியையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அந்த நேரத்தில் "இனி ரிவியூவை எடுத்துவிடுவீங்கள்தானே" என்று வாய்தவறியும் கேட்காதீர்கள். விமர்சனத்தை மாற்ற அல்லது நீக்கப் பணமோ தள்ளுபடியோ கொடுப்பது கூகிள் விதிக்கு எதிரானது. விதியை விடுங்கள், "காசு தந்து அழிக்கச் சொன்னார்கள்" என்ற ஒரு வரி, கை இறுகிய பிளவுஸைவிடப் பத்து மடங்கு மோசமானது. ஒரு கிழமை கழித்து, பிளவுஸ் இப்போது சரியா என்று விசாரிக்கலாம். சரி என்றால், விரும்பினால் நடந்ததை அங்கே சேர்த்து எழுதலாம் என்று ஒருமுறை சொல்லலாம். மருமகனையும் மச்சாளையும் பிடித்து அதே கிழமையில் ஐந்து ஸ்டார் போட வைப்பதும் இதே வகைதான். போலி என்று தெரிந்தால் கூகிள் அவற்றை எடுத்துவிடும், அதற்கு முன்பே வாசிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

அவர் விமர்சனத்தை மாற்றினாலும் உங்கள் பழைய பதில் அப்படியே கீழே நிற்கும். நாலு ஸ்டாருக்குக் கீழே "எங்கள் பிழை, மன்னிக்கவும்" என்று கிடந்தால் பார்ப்பவர் குழம்புவார். அதனால் அவரிடம் கேட்டுக்கொண்டு, "நேரில் சந்தித்துச் சரிசெய்து கொடுத்தோம், நேரம் ஒதுக்கி வந்ததற்கு நன்றி" என்று பதிலைத் திருத்துங்கள்.

அவர் வரவேயில்லை, வாட்ஸ்அப்பைப் பார்த்துவிட்டுப் பதில் போடவுமில்லை என்றால் விட்டுவிடுங்கள். இரண்டாவது செய்தி தொந்தரவாகிவிடும். பொதுப் பதில் அங்கேயே இருக்கட்டும், மூன்று மாதம் கழித்துக்கூட அதைப் பார்த்து அவர் கோல் எடுக்கலாம். அதனால் இடையில் போன் நம்பரை மாற்றினால் அந்தப் பதிலிலும் மாற்றிவிடுங்கள்.